வான் கோவை எந்த எழுத்தில் வைப்பது?

கேள்வி: எங்கள் கல்லூரி நூலகத்தில் ஆசிரியர் பட்டியலைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். ஓவியர் வான் கோவை ஜி வரிசையில் வைப்பதா, வி வரிசையில் வைப்பதா? இணையத்தில் இரண்டு விதமாகவும் இருக்கிறது. ஜெர்மன் பெயர்களில் வரும் ஃபொன்னுக்கும் இதே விதிதானா?

பதில்:

வான் கோ ஜி வரிசையில்தான் வருவார். ஆனால் அதை வைத்து "வான் என்று தொடங்கினால் வானைத் தள்ளிவிடு" என்று ஒரு விதி எழுதிக்கொண்டால், அடுத்த பத்துப் பெயர்களில் மூன்று பெயராவது தவறாகிவிடும். பெயரில் இருக்கும் முன்னொட்டு எந்த மொழிச் சொல் என்பது இங்கே முடிவு செய்வதில்லை. அந்தப் பெயருக்குரியவர் எந்த நாட்டில் வாழ்ந்தார், எந்த மொழியில் எழுதினார் என்பதே முடிவு செய்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒரே பெயரை நெதர்லாந்தில் ஓரிடத்திலும் பெல்ஜியத்தில் வேறோரிடத்திலும் தேட வேண்டியிருக்கும். ஜெர்மன் ஃபொன்னுக்கு விதி ஏறக்குறைய நெதர்லாந்து விதிபோலவே முடியும், ஆனால் அதன் காரணம் முற்றிலும் வேறு.

நாம் பேசப்போகும் சொற்கள் திரையில் இப்படி இருக்கும். முதல் வரி டச்சு, இரண்டாவது ஜெர்மன்.

```
van  de  den  der  ter  ten  't
von  zu  vom  zum  zur
```

முதலில் நெதர்லாந்து. அங்கே மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் முதல் ஐந்தை எடுத்தால், டெ யோங், டெ ஃப்ரீஸ், வான் டென் பெர்க், வான் டெய்க் என்று நான்கு பெயர்கள் முன்னொட்டோடுதான் இருக்கின்றன. அதனால் முன்னொட்டையும் கணக்கில் எடுத்து அடுக்கினால் நாட்டில் பெரும் பகுதியினர் டி, வி என்ற இரண்டே எழுத்துகளுக்குள் குவிந்துவிடுவார்கள். எனவே அந்த நாட்டுத் தொலைபேசிப் புத்தகமானாலும், மாணவர் பட்டியலானாலும், நூலகமானாலும் முக்கியச் சொல்லை முன்னே வைத்து, முன்னொட்டைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள்:

```
Berg, A. van den
Boer, J. de
Dijk, P. van
Jong, M. de
Vries, H. de
```

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பட்டியலில் முன்னொட்டைத் தள்ளுகிறார்களே தவிர, பேச்சில் ஒருபோதும் தள்ளுவதில்லை. "கோ வரைந்த ஓவியம்" என்று எந்த டச்சுக்காரரும் சொல்ல மாட்டார். "வான் கோ வரைந்தது" என்றுதான் சொல்வார். அழைப்பது வான் கோ, தேடுவது ஜி-யில். இரண்டும் அவர்களுக்கு இயல்பாகப் பழகிப்போனவை. "எல்லோரும் வான் கோ என்கிறார்களே, அப்படியானால் வி-யில்தானே இருக்க வேண்டும்" என்ற வாதம் ஆங்கிலப் பழக்கத்திலிருந்து வருவது. நெதர்லாந்தில் அது செல்லாது.

எழுத்தின் பெரிய, சிறிய வடிவமும் ஒரு தடயம். டச்சு எழுத்துமுறையில் இயற்பெயரோ அதன் முதலெழுத்தோ முன்னால் இருந்தால் முன்னொட்டு சிறிய எழுத்தில் வரும். குடும்பப் பெயர் மட்டும் தனியாக நின்றால் பெரிய எழுத்தில் தொடங்கும்.

```
Vincent van Gogh
de schilder Van Gogh
```

இரண்டாவது வரியில் "ஓவியர்" என்ற சொல்தான் முன்னால் இருக்கிறது, இயற்பெயர் இல்லை. அதனால் பெரிய வி. இதைப் பார்த்துவிட்டு "ஒரு புத்தகத்தில் பெரிய வி, இன்னொன்றில் சிறிய வி, ஆகவே இவர்கள் இரண்டு பேர்" என்று இரண்டு பதிவு திறக்கக் கூடாது.

டச்சு முன்னொட்டுகளில் தட்டச்சுக்கு அதிகத் தொல்லை கொடுப்பது மேற்புள்ளியோடு வரும் `'t`. வேதியியலில் 1901-இல் முதல் நோபல் பரிசைப் பெற்றவரும், இயற்பியலில் 1999-இல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவரும் இந்த முன்னொட்டு உள்ளவர்கள். இருவரும் எச் வரிசைக்காரர்கள்:

```
Hoff, Jacobus Henricus van 't
Hooft, Gerard 't
```

கணினி தன் போக்கில் அடுக்கினால் இரண்டாமவர் ஏ எழுத்துக்கும் முன்னால் போய் நிற்பார், ஏனென்றால் குறியீட்டு வரிசையில் மேற்புள்ளி எழுத்துகளுக்கு முந்தியது. போதாக்குறைக்கு, சொல்லின் தொடக்கத்தில் மேற்புள்ளியைத் தட்டினால் பல எழுத்துச் செயலிகள் அதைத் திறக்கும் மேற்கோள் குறியாக மாற்றிவிடும். பிறகு தேடலில் அது அகப்படாது. ஆசிரியர் பட்டியலின் உச்சியில், ஏ-க்கு முன்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள். நின்றால் அவர் பெரும்பாலும் டச்சுக்காரராக இருப்பார்.

முன்னொட்டு தனிச் சொல்லாக இருக்கும்வரைதான் இந்த விதி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓவியர் வெர்மேரின் பெயரில் வரும் "வெர்", "வான் டெர்" என்பது தேய்ந்து உருவானதுதான்; ஆனால் அது பெயரோடு ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டது. அவர் வி வரிசையில் வருவார், அவரைப் பிரித்து எம் வரிசைக்குக் கொண்டுபோகக் கூடாது.

எல்லையைத் தாண்டிப் பெல்ஜியத்துக்குப் போனால் கதை மாறுகிறது. ஃபிளாண்டர்ஸ் பகுதியில் பேசுவதும் டச்சுதான். பெயர்களும் அதே வகை. ஆனால் அங்கே முன்னொட்டு பெயரின் முதல் பகுதி. அடுக்கும்போது அதிலிருந்தே தொடங்குவார்கள். ஐரோப்பிய மன்றத்தின் முதல் நிரந்தரத் தலைவராக 2009 முதல் 2014 வரை இருந்தவர் வி வரிசையில் வருவார், கால்பந்து வீரர் கெவின் டெ ப்ரூய்ன டி வரிசையில் வருவார். நெதர்லாந்து அணியின் ஃப்ரெங்கி டெ யோங்கோ ஜே வரிசையில்.

```
Van Rompuy, Herman
De Bruyne, Kevin
Jong, Frenkie de
```

பெல்ஜியப் பெயர்களில் முன்னொட்டின் முதலெழுத்து பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும், இயற்பெயர் முன்னால் வந்தாலும்கூட. குடிமைப் பதிவேட்டில் எப்படி எழுதப்பட்டதோ அதுவே சட்டப்படியான வடிவம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் குடிமைப் பதிவு அங்கே நிலைபெற்றபோது பதிவாளர்கள் பெயர்களைப் பிரித்தும் சேர்த்தும் எழுதினார்கள். அதன் விளைவை இன்றும் பார்க்கலாம்:

```
Van den Berghe
Van Den Berghe
Vandenberghe
```

ஒரே மூலப் பெயர், மூன்று சட்டபூர்வ வடிவங்கள். இங்கே நெதர்லாந்து விதியைப் பயன்படுத்தினால் முதல் இருவரும் பி வரிசைக்கும் மூன்றாமவர் வி வரிசைக்கும் போய், உறவினர்களே பிரிந்துபோவார்கள். முன்னொட்டிலிருந்து அடுக்கினால் மூன்றும் அருகருகே நிற்கும். பெல்ஜிய வழக்கத்தில் எனக்கு மதிப்பு ஏற்பட்டது இதைப் பார்த்த பிறகுதான். ஆனால் ஒரு நிபந்தனை: சொற்களுக்கு இடையிலான இடைவெளியைக் கணக்கில் எடுக்காமல் எழுத்தெழுத்தாக அடுக்க வேண்டும். சொல் சொல்லாக அடுக்கினால் பிரித்தெழுதிய வான்கள் எல்லாம் முதலில் ஒரு கூட்டமாக நிற்கும், சேர்த்தெழுதியவை பல பக்கம் தள்ளிப் போய்விடும். உங்கள் மென்பொருள் எந்த முறையில் அடுக்குகிறது என்று இந்த மூன்று வடிவங்களையும் உள்ளிட்டே சோதித்துவிடலாம்.

டச்சுப் பெயர்கள் கடல் கடந்து போன இடங்களிலும் பெல்ஜியம் போலத்தான். தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிகான்ஸ் மொழி வழக்கத்தில் முன்னொட்டு முதலில் வரும். ஏபி டிவில்லியர்ஸ் டி வரிசை, குவின்டன் டி காக் டி வரிசை, ராஸி வான் டெர் டுசென் வி வரிசை. சென்னை ரசிகர்களுக்கு நெருக்கமான ஃபாஃப் டு பிளெசியும் டி வரிசைதான். அவருடைய முன்னொட்டு பிரெஞ்சிலிருந்து வந்தது என்றாலும் வாழும் நாட்டின் வழக்கமே அவருக்குப் பொருந்தும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இதே நிலை. ராட்டர்டாமில் 1904-இல் பிறந்து, 1926-இல் அமெரிக்காவுக்குப் போய் அங்கேயே பெயர் பெற்ற ஓவியர் வில்லெம் டெ கூனிங்கை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் டி வரிசையில் வைக்கிறது. நெதர்லாந்தின் கலை ஆவணங்களில் அவர் கே வரிசையில் இருப்பார். இருவரும் தத்தம் விதிப்படி சரியாகவே செய்கிறார்கள்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான சான்று ருலோஃப் வான் டெர் மெர்வே. 2009-இல் தென்னாப்பிரிக்காவுக்காக ஆடியவர், 2015 முதல் நெதர்லாந்துக்காக ஆடினார். மனிதர் ஒருவர், பெயரில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் தென்னாப்பிரிக்க வழக்கப்படி வி வரிசையில் இருந்தவரை நெதர்லாந்து வழக்கப்படி எம் வரிசையில் தேட வேண்டும். இப்படிப்பட்டவருக்கு எதைத் தேர்ந்தெடுப்பது? எழுத்தாளராக இருந்தால் அவர் அதிகம் எழுதிய மொழியின் வழக்கத்தைப் பின்பற்றுங்கள். அது தெளிவாகவில்லை என்றால் அவர் வாழும் நாட்டின் வழக்கம். எதைத் தேர்ந்தாலும் மற்ற வடிவத்திலிருந்து ஒரு "காண்க" குறிப்பு கட்டாயம் வேண்டும்.

இலங்கை வரலாற்று நூல்கள் உங்களிடம் இருந்தால் இதே சிக்கல் அங்கும் எதிர்ப்படும். 1658-இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த டச்சுப் படையின் தலைவர் ரைக்லோஃப் வான் ஹூன்ஸ் நெதர்லாந்துக்காரர். அவர் ஜி வரிசைக்குரியவர். டச்சுக் காலத்துக்குப் பிறகும் இலங்கையில் தங்கி ஆங்கிலம் பேசும் சமூகமாக மாறிய பறங்கியர் குடும்பங்களில் வான் என்று தொடங்கும் பெயர் உள்ளவர் நூல் எழுதியிருந்தால், ஆங்கில வழக்கப்படி அவரை வி வரிசையில் வைக்க வேண்டும்.

```
Goens, Rijckloff van
```

இனி ஜெர்மன். டச்சு வானுக்கும் ஜெர்மன் ஃபொன்னுக்கும் தோற்றத்தில் ஒற்றுமை இருந்தாலும் சமூகத்தில் அவை வகித்த இடம் வேறு. வான் என்பது பெரும்பாலும் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைக் காட்டும்; உழவருக்கும் வணிகருக்கும் அது உண்டு. ஃபொன் என்பது பெரும்பாலும் பிரபுத்துவத்தின் அடையாளம். சுவிட்சர்லாந்திலும் வடமேற்கு ஜெர்மனியிலும் பிரபுக்கள் அல்லாதவர்களுக்கும் ஃபொன் உண்டு என்பதால் "பெரும்பாலும்" என்கிறேன். இந்த வேறுபாடு பீத்தோவனுக்கே வியன்னா நீதிமன்றத்தில் தலைவலியாக முடிந்தது. தம்பி மகனின் பாதுகாப்பு உரிமைக்காக அவர் நடத்திய வழக்கு பிரபுக்களுக்கான நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. அவர் பெயரில் இருப்பது டச்சு வழி வந்த வான், பிரபுத்துவச் சான்று எதுவும் அவரிடம் இல்லை என்று 1818-இல் தெரியவந்ததும், வழக்கைச் சாதாரணக் குடிமக்களுக்கான நீதிமன்றத்துக்கு மாற்றிவிட்டார்கள். பட்டியலில் அவர் பி வரிசை, வான் கடைசியில்.

ஃபொன்னைப் பட்டியலில் ஏன் முன்னால் வைப்பதில்லை? அது ஒருவர் வாழ்நாளிலேயே வரவும் போகவும் கூடியதாக இருந்தது. கோத்தே 1749-இல் வெறும் கோத்தேயாகப் பிறந்தார். 1782-இல்தான் பிரபுப் பட்டம் பெற்று ஃபொன் கோத்தே ஆனார். ஷில்லருக்கு அது 1802-இல் கிடைத்தது, இறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு. அந்தப் பக்கம் பொருளியலாளர் ஹாயெக்கைப் பாருங்கள். 1899-இல் வியன்னாவில் ஃபொன் ஹாயெக்காகப் பிறந்தார். 1919-இல் ஆஸ்திரியா பிரபுத்துவத்தை ஒழித்துச் சட்டம் கொண்டுவந்தபோது ஃபொன்னும் சட்டப்படி போய்விட்டது. அதே ஆண்டில் ஜெர்மனி வேறு வழியில் போனது: பட்டங்களின் சிறப்புரிமையை நீக்கிவிட்டு, ஃபொன்னைப் பெயரின் ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளலாம் என்று வைமார் அரசியலமைப்பு அனுமதித்தது. இப்படி மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை வைத்து அடுக்கினால் ஒரே மனிதரின் நூல்கள் இரண்டு இடத்தில் பிரிந்துபோகும். முக்கியச் சொல்லை வைத்து அடுக்கினால் ஃபொன் வந்தாலும் போனாலும் இடம் மாறாது.

பேச்சிலும் ஜெர்மன் வழக்கம் டச்சிலிருந்து வேறுபடும். வரலாற்று மனிதர்களை ஃபொன் இல்லாமல்தான் குறிப்பிடுவார்கள்: கோத்தே, ஹும்போல்ட், பிஸ்மார்க். "ஃபொன் ஹும்போல்ட் சொன்னார்" என்று எழுதினால் ஜெர்மன் படித்தவர்களின் காதுக்கு உறுத்தும். இன்று வாழ்பவர்களை நேரில் அழைக்கும்போது ஃபொன்னைச் சேர்த்து அழைப்பதே மரியாதை.

ஜெர்மன் விதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நூலகத் தேர்வுகளில் இதைக் கேட்பதில் வியப்பில்லை. முன்னிடைச்சொல் தனியாகவோ, அதை அடுத்துச் சுட்டுச்சொல் தனியாகவோ நின்றால் இரண்டும் கடைசிக்குப் போகும். இரண்டும் உருகி ஒரே சொல்லாகியிருந்தால், அதாவது `vom`, `zum`, `zur`, `am` போன்றவையாக இருந்தால், அவை முன்னாலேயே நிற்கும்:

```
Goethe, Johann Wolfgang von
Leyen, Ursula von der
Zur Linde, Otto
Vom Ende, Erich
```

`von der` இரண்டு சொல். `vom` ஒரு சொல். வேறுபாடு அவ்வளவுதான். கருப்பைவாய்ப் புற்றுக்கும் ஒரு வைரஸுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்து 2008-இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற ஹரால்ட் ட்ஸூர் ஹவுசென் இந்த விதிப்படி இசட் வரிசைக்குரியவர். மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளத்திலும் அவர் `zur Hausen H` என்றே இருக்கிறார். எச் வரிசையில் வைத்திருக்கும் பட்டியல்களும் உண்டு என்பதால், இங்கும் ஒரு "காண்க" குறிப்பைச் சேர்த்துவிடுங்கள்.

ஜெர்மனியிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுக்கு முன்பு சொன்ன வழியே. ராக்கெட் பொறியாளர் வெர்னர் ஃபொன் பிரவுன் 1955-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். கணிதர் ஜான் ஃபொன் நொய்மான் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். அவர் தந்தைக்குப் பிரபுப் பட்டம் 1913-இல்தான் வந்தது. இருவரையும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வி வரிசையில் வைக்கிறது. ஜெர்மன் தேசிய நூலகம் பிரவுனை பி வரிசையிலும் நொய்மானை என் வரிசையிலும் வைக்கிறது. நம் கல்லூரிகளில் இருப்பவை பெரும்பாலும் ஆங்கிலப் பதிப்புகள் என்பதால் உங்களுக்கு வி வரிசைதான் பொருத்தம்.

இதுவரை சொன்னது எல்லாம் குடும்பப் பெயர் உள்ளவர்களுக்கு. ஃபொன்னும் வானும் இருந்தாலும் குடும்பப் பெயரே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். இடைக்காலத்தில் ஊர்ப்பெயர் வெறும் அடையாளமாக இயற்பெயரோடு சேர்ந்து நின்றது. கவிஞர் வொல்ஃப்ராம் ஃபொன் எஷென்பாக்கை டபிள்யூ வரிசையில், வொல்ஃப்ராம் என்ற பெயரில் வைக்க வேண்டும். பிங்கென் ஊர்த் துறவி ஹில்டெகார்டை எச் வரிசையில் வைக்க வேண்டும். ஓவியர் லூகாஸ் வான் லெய்டென் எல் வரிசையில் வருவார். இங்கே லெய்டெனும் எல்லில் தொடங்குவதால் தவறாக வைத்தாலும் கண்ணில் படாது. ரெம்பிராண்ட்டுக்கு வான் ரைன் என்ற குடும்பப் பெயர் உண்டு, ஆனால் தொடக்க ஆண்டுகளுக்குப் பிறகு அவரே தம் ஓவியங்களில் ரெம்பிராண்ட் என்று மட்டுமே கையெழுத்திட்டார். உலகமும் அவரை அப்படியே அறியும். எனவே அவர் ஆர் வரிசையில், ரெம்பிராண்ட் என்ற சொல்லின் கீழ்.

கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹெ தனி வகை. ஆஹெனில் 1886-இல் லுட்விக் மீஸ் என்று பிறந்தவர், பிறகு தாயின் குடும்பப் பெயரான ரோஹெயை டச்சு பாணி முன்னொட்டோடு தானாகவே சேர்த்துக்கொண்டார். மீஸ்தான் அவர் குடும்பப் பெயர். நடுவில் வரும் வான் டெர் அடுக்கலைத் தொடங்கும் இடம் அல்ல. எம் வரிசை, `Mies van der Rohe, Ludwig`. திருமணத்தால் இரட்டைப் பெயர் பெற்ற டச்சுப் பெண்களுக்கும் இதே தர்க்கம்தான்: முதல் பெயரின் முன்னொட்டு மட்டும் கடைசிக்குப் போகும், கோட்டுக்குப் பின்னால் உள்ள முன்னொட்டு இருந்த இடத்திலேயே இருக்கும்.

```
Vries-van den Berg, A. de
```

இனி உங்கள் கணினிக்கு வருவோம். பெயர்ப் பட்டியலை ஒரே பெட்டியில் முழுப்பெயராக வைத்துவிட்டு அடுக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று பாருங்கள்:

```
>>> sorted(["Zwart", "de Jong", "Bakker"])
['Bakker', 'Zwart', 'de Jong']
```

டெ யோங் ஜே-யிலும் இல்லை, டி-யிலும் இல்லை. இசட்டுக்குப் பிறகு போய்விட்டார். குறியீட்டு வரிசையில் பெரிய எழுத்துகள் எல்லாம் முடிந்த பிறகுதான் சிறிய எழுத்துகள் தொடங்குகின்றன. இப்படி ஆன பட்டியலைக் கண்டுபிடிப்பது எளிது: கடைசிப் பக்கத்தில் இசட்டுக்குப் பின்னால் டெ, வான், ஃபொன் எல்லாம் வரிசையாக நிற்கும். எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக மாற்றினால் இந்தப் பிழை மறையும். ஆனால் டச்சுக்காரரா பெல்ஜியக்காரரா என்று காட்டும் தடயமும் அதோடு அழிந்துவிடும். அதைச் செய்யாதீர்கள்.

முன்னொட்டுக்குத் தனிப் பெட்டி கொடுப்பதே நல்ல வழி. நெதர்லாந்து அரசின் மக்கள் பதிவேடே முன்னொட்டையும் குடும்பப் பெயரையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. காட்டுவதற்கு ஒரு வடிவம், அடுக்குவதற்கு ஒரு வடிவம் என்று இரண்டையும் பிரித்துவிட்டால் சண்டையே இல்லை:

```
given:   Vincent
prefix:  van
family:  Gogh
display: Vincent van Gogh
sort:    gogh vincent van
```

கடைசி வரியை மென்பொருள் தானாக உருவாக்கும்படி விடாதீர்கள். பெல்ஜியரா, டச்சுக்காரரா என்பதை எழுத்துகளைப் பார்த்து அது அறிய முடியாது. ஒரு மனிதர் பார்த்து நிரப்ப வேண்டும். கோஹா போன்ற நூலக மென்பொருளில் மார்க் பதிவு என்றால், பெயர்ப் பதிவில் இரண்டு வரிகள் போதும். முதலாவது நீங்கள் ஏற்ற வடிவம், இரண்டாவது மாணவர் தவறாகத் தேடினாலும் கொண்டுவந்து சேர்க்கும் வடிவம்:

```
100 1_ $a Gogh, Vincent van, $d 1853-1890
400 1_ $a Van Gogh, Vincent, $d 1853-1890
```

நாட்டைக் கண்டுபிடிக்கக் கடவுச்சீட்டைப் பார்க்கலாமே என்று தோன்றலாம். நாடு தெரியும், அடுக்கும் முறை தெரியாது. டச்சு அரசு மாதிரிக்காக வெளியிட்ட கடவுச்சீட்டின் இயந்திர வரி இது:

```
P<NLDDE<BRUIJN<<WILLEKE<LISELOTTE<<<<<<<<<<<
```

நாட்டுக் குறியீட்டை அடுத்து டெ வந்துவிட்டது, பிறகுதான் ப்ரெய்ன். இதை அப்படியே படிக்கும் வெளிநாட்டுக் கணினிகள் அவரை டி வரிசையில் போடும். தம் நாட்டிலோ அவர் பி வரிசைக்காரர். கருத்தரங்கு வரவேற்பு மேசையில் டச்சு விருந்தினரின் பெயர் அட்டை அகப்படாமல் போவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒருவர் பெயர் கிடைக்கவில்லை என்றால் "இல்லை" என்று சொல்வதற்கு முன் முன்னொட்டின் எழுத்திலும் முக்கியச் சொல்லின் எழுத்திலும் இரண்டிலும் பார்த்துவிடுங்கள்.

உங்கள் ஆய்வு மாணவர்கள் குழம்பக்கூடிய ஓரிடம் மிச்சம் இருக்கிறது. ஏபிஏ நடையில் ஆய்வேட்டின் மேற்கோள் பட்டியல் தயாரித்தால், வழக்கமாகப் பெயரோடு சேர்த்தே சொல்லப்படும் முன்னொட்டு குடும்பப் பெயரின் பகுதியாகக் கொள்ளப்படும். வான் டெர் வால்ஸ் அங்கே வி வரிசையில் வருவார். நூலகப் பட்டியலில் அவர் டபிள்யூ வரிசை. இது முரண் அல்ல. மேற்கோள் பட்டியல் கட்டுரைக்குள் எழுதிய பெயரைத் தேட உதவுவது, நூலகப் பட்டியல் ஆளைத் தேட உதவுவது; இரண்டுக்கும் தனித்தனி விதி. ஸோட்டெரோ பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு: டச்சு வானைக் குடும்பப் பெயர்ப் பெட்டியின் தொடக்கத்தில் சிறிய எழுத்தில் இடச் சொல்லுங்கள், ஜெர்மன் வரலாற்று ஆசிரியர்களின் ஃபொன்னை இயற்பெயர்ப் பெட்டியின் இறுதியில் இடச் சொல்லுங்கள். அப்படி இட்டால் கட்டுரைக்குள் வான் டெர் வால்ஸ் என்று முழுமையாகவும், ஹும்போல்ட் என்று ஃபொன் இல்லாமலும் தானாகவே வரும். பெல்ஜியர் பெயரை வி பெரிதாக, பதிவேட்டில் உள்ளபடியே குடும்பப் பெயர்ப் பெட்டியில் இட்டால் போதும்.